கரையாத கொழுப்பும் வீங்கும் மண்ணீரலும்

நம் குருதியிலுள்ள சிவப்பணு ஒவ்வொன்றின் வாழ்நாளும் ஏறத்தாழ 120 நாட்களே. மூப்படைந்த அணுக்களை மண்ணீரலிலுள்ள விழுங்கணுக்கள் விழுங்கி, தம்முள் அமைந்த லைசோசோம் என்னும் நுண்பைகளில் இட்டுச் சிதைக்கின்றன. அப்பையிலுள்ள நொதிகள் பல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பிணைப்பை மட்டுமே வெட்டவல்லது. ஒரு நொதி இல்லையேல் அதன் வேலையைப் பிறிதொன்று செய்வதில்லை.

அணுச்சவ்வின் கொழுப்புகளுள் ஒன்று குளுக்கோசெரிப்ரோசைடு. அதை உடைக்கும் நொதி குறைவுபடுவதே கோஷே நோய். 1882இல் பிலிப் கோஷே என்னும் பிரெஞ்சு மருத்துவர் இதனை மண்ணீரலின் கட்டி என்றே கருதினார். நொதிக் குறைவே காரணம் என்பதை 1965இல் அமெரிக்கரான ராஸ்கோ பிராடியும் அவர்தம் குழுவினரும் நிறுவினர்.

உடையாத கொழுப்பு நாள்தோறும் சேர்கிறது. விழுங்கணு பருத்து, நுண்ணோக்கியில் கசங்கிய காகிதம்போல் தோன்றுகிறது. ஆயின் ஒன்றைக் கருதுதல் வேண்டும்: வீங்கிய மண்ணீரலின் மிகை எடையில் அக்கொழுப்பின் பங்கு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவே! திணிந்த விழுங்கணுக்கள் அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து, பிற அணுக்களையும் அங்கு அழைக்கின்றன. கேடு பெரும்பாலும் அவ்வழியே பரவுகிறது. எலும்பு மச்சையில் இவை நிறையும்போது எலும்பு நலிகிறது. தட்டணுக்களும் சிவப்பணுக்களும் குறைகின்றன.

வயிறு பருத்து, வெளிறி, எளிதில் கன்றிப்போகும் குழந்தையைக் கண்டால் மலேரியாவோ இரத்தப் புற்றோ எனும் ஐயம் எழுதல் இயல்பு. மச்சைச் சோதனையும் முடிவானதன்று. இரத்தப் புற்றிலும் தலசீமியாவிலும் இவ்வணுக்களை ஒத்த தோற்றம் காணப்படுவதுண்டு. வெள்ளணுக்களில் நொதியின் செயலாற்றலை அளப்பதே ஐயம் தீர்க்கும் வழி. பெற்றோர் இருவரும் நலமாயிருப்பர். பாதியளவு நொதியே அவர்களுக்குப் போதுமானது. இருவரும் குறைபாட்டைச் சுமப்பவராயின் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நம்மிடையே வழங்கும் உறவுமுறைத் திருமணங்களில் அத்தகைய இருவர் இணைவது எளிது.

இல்லாத நொதியை ஊசிவழி ஊட்டலாமன்றோ? தொடக்கத்தில் ஊட்டிய நொதியின் பெரும்பகுதியை ஈரலின் பிற அணுக்களே எடுத்துக்கொண்டன. அதன்மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியை வெட்டி மானோஸ் வெளித்தெரியுமாறு செய்தபின்னரே, அதனை இனங்காணும் விழுங்கணுக்கள் மிகுதியாக ஏற்றுக்கொண்டன. நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த அம்மருந்து 1991இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மண்ணீரல் சுருங்குகிறது, குருதி தேறுகிறது. ஆனால் நொதி மூளையுள் புகாது. நரம்பைத் தாக்கும் வகையில் மூளைக்கேடு தொடர்கிறது.

இருவாரத்திற்கு ஒருமுறை, வாழ்நாள் முழுதும் செலுத்தவேண்டிய இம்மருந்தின் விலை எளியோர்க்கு எட்டாதது. டில்லியில் ரிக்சா ஓட்டுநர் ஒருவரின் மகனுக்கு இலவசமாக வழங்கும்படி 2014இல் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2021இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. 2022இல் உதவியின் உச்சவரம்பு ஒருவர்க்கு 50 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. மருந்தின் அளவோ எடைக்கேற்ப அமைவது. குழந்தை தேறி வளர வளர அத்தொகை விரைந்து கரைகிறது.