நீயா, நீங்களா, தாங்களா? கடைப் பலகைக்கும் பாக்கெட்டுக்கும் ஏற்ற வினைச்சொற்கள்

கடைக்கு யார் வந்து நின்றாலும் நாம் முதலில் கேட்பது "என்ன வேணும்?" என்பதுதான். பத்து வயதுச் சிறுவனிடமும் அதுதான், எழுபது வயதுப் பெரியவரிடமும் அதுதான். சிறுவன் தன்னைப் பெரிய மனிதனாக்கிவிட்டதாக நினைப்பதில்லை. பெரியவரும் மரியாதை குறைந்ததாக நினைப்பதில்லை. இந்த வாக்கியத்துக்கு அப்படி என்ன சக்தி என்று பார்ப்பதுதான் இந்தப் பாடம்.

தமிழில் முன்னிலைக்கு நீ, நீங்கள், தாங்கள் என மூன்று படிகள் உண்டு. சொல்லை மாற்றினால் வினையின் வாலும் மாறியாக வேண்டும். "நீ வாங்கு", "நீங்கள் வாங்குங்கள்" என்கிறோம். ஒரே ஆளைப் பன்மையில் அழைக்கும் இந்த மரியாதையைத் தொல்காப்பியமே பேசுகிறது. 'உயர்சொல் கிளவி' என்று அதற்குப் பெயரிட்டு, இது மக்கள் வழக்கில் வந்தது, இலக்கண வழிப்பட்டதன்று என்றும் சொல்லிவிடுகிறது. ஆகவே இந்த வழக்கு புதிதன்று. அதில் தவறினால் வரும் மனத்தாங்கலும் புதிதாக இருக்க முடியாது.

நேரில் பேசும்போது நமக்குச் சிக்கல் இல்லை. முகத்தைப் பார்த்தவுடன் வாய் தானே சரியான சொல்லை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அச்சடித்த பாக்கெட்டும், கடை வாசல் பலகையும், செல்போனில் போகும் செய்தியும் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. முகப்பேரையே எடுத்துக்கொள்வோம். வீட்டு வசதி வாரிய மனைகளில் வீடு கட்டி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட பெரியவர்கள் ஒருபுறம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் வாடகைக் குடித்தன இளைஞர்கள் ஒருபுறம். மாலையில் பள்ளிச் சீருடையோடு சில்லறையை நீட்டும் பிள்ளைகள் ஒருபுறம். ஏரித் திட்டத்தில் இருக்கும் ஒரு மளிகைக் கடையின் பலகையை ஒரே நாளில் இந்த மூவகையினரும் படிக்கிறார்கள்.

அந்தக் கடைக்காரர் சொந்தப் பெயரில் சத்துமாவு பாக்கெட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லேபிள் அச்சடிப்பவர் எழுதிக் கொடுத்த வாசகம் இது: "தினமும் குடி! தெம்பாக இரு! உங்கள் குடும்பத்தின் சத்துமாவு. தாங்கள் ஒருமுறை வாங்கிப் பார்க்கவும்."

மேலோட்டமாகப் படித்தால் குறை தெரியாது. ஒரு பேனாவை எடுத்து, ஆளைக் குறிக்கும் சொற்களையும் வினைகளின் வாலையும் அடிக்கோடிடுங்கள். குடி, இரு என்பன 'நீ'க்கு உரியவை. அடுத்து 'உங்கள்' வருகிறது. அதற்கடுத்து 'தாங்கள்'. பிள்ளைகளைக் கவர எழுதிய முதல் வரியை, முழங்கால் வலிக்குக் கஞ்சி குடிக்கும் பாட்டியும் படிப்பார். அவருக்கு அது யாரோ அதட்டுவது போல இருக்கும். கடைசி வரியைப் படிக்கும் கல்லூரி மாணவனுக்குக் 'தாங்கள்' என்பது கேலி போலத் தோன்றும். கல்யாணப் பத்திரிகைக்கும் கடிதத்துக்கும் அழகாக இருக்கும் சொல், நாற்பது ரூபாய் பாக்கெட்டில் அளவுக்கு மீறிய குழைவாகிவிடுகிறது.

எல்லாவற்றையும் 'நீங்கள்' என்று மாற்றினால் தீர்ந்துவிடுமா? பெரும்பாலும் தீரும். ஆனால் "குடியுங்கள், இருங்கள், வாங்குங்கள்" என்று வரிக்கு வரி வந்தால் மேடைப் பேச்சாகிவிடும், லேபிளில் இடமும் போதாது. இங்கேதான் "என்ன வேணும்?" கைகொடுக்கிறது.

'வேண்டும்' என்ற சொல்லுக்கு ஆளுக்கேற்ற வால் கிடையாது. உனக்கு வேண்டும், உங்களுக்கு வேண்டும், அவருக்கு வேண்டும், எல்லாம் ஒன்றே. வேண்டாம், போதும், பிடிக்கும், கிடைக்கும் என்பவையும் இப்படித்தான். 'லாம்' என்று முடிவதும் இதே இனம். நீ குடிக்கலாம், நீங்கள் குடிக்கலாம் என்று இரண்டுக்கும் ஒரே வடிவம். 'ஆல்' என்று முடியும் நிபந்தனையும் அப்படியே. "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று காலங்காலமாக எழுதிவரும் நம் மக்கள், இலக்கணம் பார்த்து அதை எழுதவில்லை, பழக்கத்தில் கண்டெடுத்தார்கள். "கடன் அன்பை முறிக்கும்" என்ற பலகையும் யாரையும் நீ என்றோ நீங்கள் என்றோ சொல்வதில்லை. அதனால்தான் எத்தனை கண்டிப்பான செய்தியாக இருந்தும் யார் முகமும் சுண்டுவதில்லை.

இப்போது லேபிளைத் திருத்துவோம்: "காலையில் ஒரு கோப்பை, நாள் முழுக்கத் தெம்பு. சிறியவர் முதல் பெரியவர் வரை குடிக்கலாம்." பின்பக்கத்தில் செய்முறை: "இரண்டு கரண்டி மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கவும்." செய்முறைக்கு இந்த 'வும்' மிகப் பொருத்தம், சமையல் குறிப்பில் அதை யாரும் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதே 'வும்' அழைப்பில் வந்தால், "புதிய கிளைக்கு வரவும்" என்று அரசு அலுவலக அறிவிப்பு போல ஆகிவிடும். அங்கே "வாருங்கள்" என்றே எழுதலாம். பேச்சு நடையில் 'வாங்க' என்று எழுதினால் ஒரு வேடிக்கை உண்டு. அது வருவதையும் குறிக்கும், பொருள் வாங்குவதையும் குறிக்கும். "அரிசி வாங்க வாங்க" என்று பலகையில் பார்ப்பவர் ஒருமுறை நின்று படிப்பார், அதுவும் விளம்பரம்தான்.

பலகையில் மரியாதை கெடுவதற்குப் பெரும்பாலும் இடப் பற்றாக்குறையே காரணம். "தொடாதீர்கள்" என்பதற்கு இடமில்லாமல் "தொடாதே" என்று எழுதிவிடுகிறார்கள். "தொட வேண்டாம்" என்றால் கொஞ்சம்தான் நீளும், யாருக்கும் சுருக்கென்று படாது. நம் பேருந்துகளில் "கரம் சிரம் புறம் நீட்டாதீர்" என்று எழுதியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். 'கள்' இல்லாத அந்த 'ஈர்' வடிவம் சுருக்கமானது, மரியாதையும் உடையது. எச்சரிக்கைப் பலகைக்கு நல்லது. ஆனால் நெல்லைச் சீமையிலிருந்து வந்து இங்கே கடை வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரில் சம வயதினரிடம் இயல்பாகச் சொல்லும் 'நீர்', 'உமக்கு' என்பவை சென்னைக் காதுக்குச் சண்டைக்கு வருவது போல ஒலிக்கும்.

கம்பெனிகள் தரும் தட்டிகளில் சில நேரம் 'நீ' என்று பார்க்கிறோம். ஆங்கிலத்தில் சிறியவருக்கும் பெரியவருக்கும் ஒரே சொல்தான். அங்கே எழுதியதை இங்கே மாற்றும்போது எந்தப் படி என்று யோசிக்காமல் விட்டால் இப்படி நேரும். அதை நாம் திருத்த முடியாது, வாசலில் எங்கே மாட்டுவது என்பது நம் கையில் இருக்கிறது.

பாக்கி கேட்கும் செய்திதான் மிகவும் கவனம் தேவைப்படும் இடம். "உங்கள் பாக்கி ரூ.640. உடனே செலுத்தவும்" என்று எழுதினால் அதில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் இருபது வருடம் சாமான் வாங்கிய பெரியவர் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடலாம். இப்படி எழுதிப் பாருங்கள்: "வணக்கம். இம்மாதக் கணக்கில் ரூ.640 பாக்கி உள்ளது. அடுத்த முறை கடைக்கு வரும்போது கொடுத்தால் போதும்." வரும்போது, கொடுத்தால், போதும் ஆகிய மூன்றுக்கும் வால் இல்லை. இதே செய்தியை இருபத்துநான்கு வயது இளைஞருக்கும் அனுப்பலாம். எல்லோருக்கும் ஒரே செய்தி மொத்தமாகப் போவதானால் ஐயா, அம்மா, அண்ணா, அக்கா என்று எதையும் சேர்க்காமல் வெறும் 'வணக்கம்' போதும். இல்லாவிட்டால் 'ஐயா' என்று தொடங்கும் செய்தி வீட்டு அம்மாளின் போனுக்குப் போய் நிற்கும்.

நன்றி சொல்லும்போதும் வருத்தம் தெரிவிக்கும்போதும் இந்த வழி உதவாது. "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று மொட்டையாக எழுதினால், யாருடைய சிரமம் என்றே தெரியாமல் போய்விடும். அங்கே ஆளைச் சொல்லியே ஆக வேண்டும்: "நேற்று நீங்கள் வாங்கிய பருப்பில் வண்டு இருந்ததற்கு வருந்துகிறோம். பாக்கெட்டைக் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம்." இது பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் போனாலும் 'நீங்கள்'தான்.