ஏசி விலை அட்டையில் ஒரு வரி, சாமளாபுரத்தில் ஒரு மாடி அறை

"1.5 டன், 3 ஸ்டார், இன்வெர்ட்டர் ஸ்பிளிட், 150 சதுர அடி அறைக்கு, இன்ஸ்டாலேஷன் ஃப்ரீ." பல்லடம், சோமனூர், திருப்பூர் என்று எந்தக் கடையில் ஏறினாலும் ஏசியின் மேல் ஒட்டியிருக்கும் அட்டை ஏறக்குறைய இப்படித்தான் பேசும். இதில் பொய் இல்லை. ஆனால் சாமளாபுரம் மாதிரி, வீட்டுச் சுவரை ஒட்டியே தறிக் குடோன் ஓடும் ஊரில், இந்த வரியை நம்பி மட்டும் வாங்கியவர்கள் இரண்டாவது கோடையிலேயே மெக்கானிக்கைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நம்பிக்கை: சதுர அடியைச் சொன்னால் டன் தெரிந்துவிடும்.

டன் என்பது மெஷினின் எடையும் அல்ல, உள்ளே இருக்கும் கேஸின் அளவும் அல்ல. அறையிலிருந்து எவ்வளவு வேகமாக வெப்பத்தை வெளியே தள்ளும் என்பதன் அளவு அது. ஒரு டன் என்றால் சுமார் 3,500 வாட். ஆகவே கேட்க வேண்டியது அறை எத்தனை அடி என்பதை அல்ல, அறைக்குள் எவ்வளவு வெப்பம் வருகிறது என்பதை.

12க்கு 14 அடியில், 168 சதுர அடியுள்ள ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். மேலே மொட்டை மாடி, மேற்குப் பக்கம் வெயில் விழும் சுவர். சித்திரை மாதச் சாயங்காலம் அந்தக் கான்கிரீட் தளம் மட்டுமே தோராயமாக 1,200 வாட் வெப்பத்தைக் கீழே இறக்கும். சுவர்கள் 500 வாட், ஜன்னலும் கதவு இடுக்கில் புகும் காற்றும் 600, படுக்கும் மூன்று பேர் 300, டிவியும் ஃபேனும் விளக்கும் 150. மொத்தம் 2,750 வாட். கணக்குப்படி இது ஒரு டன்னுக்குள் அடங்குகிறது. ஆனால் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது மெஷினின் திறன் குறையும். நாள் முழுக்கக் காய்ந்த கட்டில், பீரோ, சுவர் எல்லாவற்றையும் முதலில் குளிர்விக்க வேண்டும். அதனால் இந்த அறைக்கு 1.5 டன்தான் சரி.

இதே அறை கீழ்த்தளத்தில் இருந்தால்? மேலே இன்னொரு வீடு இருப்பதால் அந்த 1,200 வாட் கழிந்துபோகும். மிஞ்சுவது 1,550 வாட். ஒரு டன் தாராளம். சதுர அடி ஒன்றே, டன் வேறு.

தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவு பத்து மணி வரைக்கும் இறக்கிக்கொண்டே இருக்கும். எனவே மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பெயின்டோ அடிப்பது, கூடுதல் அரை டன்னுக்குக் கொடுக்கும் காசைவிட மலிவான வேலை. ஓட்டு வீட்டுக்கும் சிமெண்ட் ஷீட் கூரைக்கும் எந்த டன் கணக்கும் பொருந்தாது. இடுக்கை அடைத்து, ஃபால்ஸ் சீலிங் போட்ட பிறகுதான் அங்கே ஏசியைப் பற்றிப் பேச முடியும்.

நம்பிக்கை: இன்வெர்ட்டர் ஏசி கரண்ட் போனாலும் ஓடும்.

ஓடாது. வீட்டில் பேட்டரியோடு இருக்கும் இன்வெர்ட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பலகைக்குத்தான் அந்தப் பெயர். அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்று நின்று ஓடாமல், மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். இரவு முழுக்கப் போடுகிறவர்களுக்கு இதில் மிச்சம் உண்டு. மதியம் அரை மணி நேரம் போட்டு அணைப்பவருக்குப் பெரிதாக எதுவும் மிச்சமாகாது.

"ஸ்டெபிலைசரே வேண்டாம்" என்று சொல்லி விற்பார்கள். மெஷின் தாங்கும் வோல்ட்டேஜ் வரம்பு அதன் விவரத்தாளில் அச்சாகியிருக்கும். வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி, சுற்றுவட்டாரத் தறிகள் முழுவீச்சில் ஓடும் நேரத்தில் உங்கள் வீட்டு வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். அது வரம்புக்குள் இருந்தால் ஸ்டெபிலைசர் தேவையில்லை.

நம்பிக்கை: ஸ்டார் அதிகமானால் காசு மிச்சம்.

ஸ்டார் நிரந்தரப் பட்டம் அல்ல. 2022 ஜூலைக்கு முன் 4.5 என்ற திறன் குறியீடு இருந்தாலே ஸ்பிளிட் ஏசிக்கு 5 ஸ்டார். அதன் பிறகு 5.0 தேவைப்பட்டது. அதனால் ஸ்டாரை எண்ணுவதற்கு முன் லேபிளில் அது எந்த ஆண்டுக்கானது என்று பாருங்கள். அதே லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்றும் போட்டிருக்கும். அது வருடம் 1,600 மணி நேரம், அதாவது தினம் எட்டு மணி வீதம் 200 நாள் ஓடினால் ஆகும் செலவு. ஒன்றில் 960, இன்னொன்றில் 760 என்றிருந்தால் வித்தியாசம் 200 யூனிட். ஆனால் உங்கள் வீட்டில் 400 மணி நேரம்தான் ஓடும் என்றால் மிச்சம் 50 யூனிட் மட்டுமே. அதற்காக ஏழெட்டாயிரம் கூடுதலாகக் கொடுப்பது வீண். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டிவிடும் வீடுகளில் கணக்கு மாறும். அங்கே விகிதமே உயர்ந்துவிடுவதால் 5 ஸ்டார் சீக்கிரமே போட்ட காசை எடுத்துவிடும்.

நம்பிக்கை: இன்ஸ்டாலேஷன் ஃப்ரீ என்றால் செலவே இல்லை.

ஃப்ரீ என்பது பெரும்பாலும் ஆள் கூலி மட்டும்தான். செம்புப் பைப் பெட்டியோடு பொதுவாக மூன்று மீட்டர் வரும். அதற்கு மேல் ஆகும் பைப், அவுட்டோர் ஸ்டாண்ட், தண்ணீர்க் குழாய், வயர் எல்லாம் தனிக்கணக்கு. பைப் விலை அடிக்கா, மீட்டருக்கா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம்.

நாம் பார்த்த மாடி அறைக்கே வருவோம். மேற்குச் சுவருக்கு வெளியே பக்கத்துத் தறிக் குடோனின் ஜன்னல். அவுட்டோரை அங்கே மாட்டினால் மூன்று மீட்டர் பைப் போதும், கூடுதல் செலவு கிடையாது. மாட்டுகிறவர் அந்த இடத்தைத்தான் காட்டுவார். ஆனால் அந்த ஜன்னலிலிருந்து பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். அவுட்டோர் நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சுவதால் அந்தப் பஞ்சு அதன் முதுகிலுள்ள தகடுகளில் கம்பளம் போல் படியும். எதிர்ப்பக்கச் சுவருக்குக் கொண்டுபோனால் ஆறு மீட்டர் பைப் ஆகும். மீட்டர் 900 ரூபாய் என்று வைத்தால் கூடுதலாக 2,700. இந்த ஊரில் ஏசிக்குச் செலவு செய்யும் காசில் இதைவிட நல்ல காசு இல்லை.

பைப்பை இணைத்த பிறகு, வால்வைத் திறப்பதற்கு முன், வேக்வம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வேண்டும். அதற்குக் கால்மணி நேரமாவது ஆகும். பிறகு பம்பை நிறுத்தி, கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் சிலர் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு அதன் மூலமே காற்றை வெளியே தள்ளிவிடுவார்கள். ஈரம் உள்ளே தங்கினால் கம்ப்ரசரின் ஆயுள் குறையும். பம்ப் கொண்டுவராத ஆளை வேலை தொடங்கவே விடாதீர்கள்.

நம்பிக்கை: வருடத்துக்கு ஒருமுறை கேஸ் போட வேண்டும்.

இந்த ஊர்ப்பக்கம் அதிகம் காசு பிடுங்குவது இதுதான். கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புவதெல்லாம் மறுபடியும் போய்விடும்.

தறிப் பகுதியில் "குளிரே இல்லை" என்ற புகாருக்குக் கேஸை விடப் பஞ்சுதான் பல நேரம் காரணம். அதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முதலில் உள்ளே இருக்கும் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் போடுங்கள். பிறகு அவுட்டோர் முன்னால் கையை நீட்டுங்கள். வரும் காற்று பலமில்லாமல் கொதித்தால், பின்பக்கம் பஞ்சு அடைத்திருக்கிறது. மெயினை அணைத்து, மென்மையான பிரஷ்ஷால் பஞ்சை எடுத்துவிட்டு, தகடு வளையாதபடி தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினால் குளிர் திரும்பும். மாறாக, ஃபில்டர் சுத்தமாக இருந்தும் அவுட்டோரின் சின்ன பைப்பில் பனி படிந்திருந்தால் கேஸ் கசிவைச் சந்தேகிக்கலாம். அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கேஸ் விலையைக் கேட்பதற்கு முன் கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.