விசாரிப்பவரே தீர்ப்பளிக்கலாமா?

கடையில் காசு குறைந்தால் சந்தேகத்துக்குரிய ஊழியரிடம் "நாளை முதல் வரவேண்டாம்" என்று சொல்லிவிடுவது நம்மவர்களின் வழக்கம். ஆனால் வேலைநீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் முறையிடலாம். நீக்கியதை முதலாளி ஒப்புக்கொண்டால், அதற்குத் தகுந்த காரணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவரும் முதலாளியே. கடை சிறியது என்பதால் விலக்கில்லை.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். பதினொரு பேர் வேலைசெய்யும் புடவைக் கடை. சனிக்கிழமை இரவு கணக்கு மூடும்போது 18,500 ரூபா குறைகிறது. கெஷியர் மீது சந்தேகம். முதலாளி என்ன செய்யவேண்டும்?

முதலில் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். "நீர் நேர்மையற்றவர்" என்று எழுதினால் அவர் எதற்குப் பதில் சொல்வார்? எந்த நாள், எந்த லாச்சி, பில்படி எவ்வளவு, எண்ணியபோது எவ்வளவு என்று எழுதி, விளக்கமளிக்க ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள். மறுதரப்பைக் கேளாமல் தண்டிக்கக்கூடாது என்பது இயற்கை நீதியின் முதல் விதி.

இரண்டாவது விதி, தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது என்பது. இந்தக் கடையில் காசை எண்ணியவர் முதலாளி; எனவே அவர் ஒரு சாட்சி. விசாரணையை வெளியாள் ஒருவரிடம், உதாரணமாக இச்சம்பவத்தோடு தொடர்பில்லாத ஒரு கணக்காளரிடம், ஒப்படைப்பதே முறை. சாட்சிகள் கெஷியரின் முன்னிலையில் பேசவேண்டும். அவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்க அவருக்கு இடமளிக்க வேண்டும். சொன்னதை எல்லாம் எழுதி ஒப்பம் பெறவேண்டும். குற்றம் நிரூபணமானதா என்பதை மட்டும் விசாரணையாளர் சொல்வார். தண்டனையை முதலாளி பிறகு தீர்மானிப்பார்.

விசாரணையில் கெஷியர் சொல்கிறார்: "பகல் சாப்பாட்டுக்குப் போகும்போது வேறொருவர் அதே லாச்சியில் காசு வாங்குகிறார். கணக்குப் பார்த்து ஒப்படைப்பதில்லை. இதை இரண்டு மாதத்துக்கு முன்பே முறையிட்டேன்." மற்ற ஊழியரும் அதை ஒப்புக்கொள்கிறார். ஒரே லாச்சியை இருவர் கையாண்டால், காசு குறைந்ததை நிரூபிக்கலாம். எடுத்தவர் யார் என்பதை நிரூபிக்க முடியாது. இப்போது வேலைநீக்கினால் நியாய சபையில் முதலாளிதான் தோற்பார்.

அந்த முறைப்பாட்டை அன்றே ஒரு கொப்பியில் திகதியுடன் பதிந்து, ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லியிருந்தால், ஆள் மாறும் ஒவ்வொரு வேளையும் காசு எண்ணப்பட்டிருக்கும். குறைவு யாருடைய வேளையில் நேர்ந்தது என்பதும் தெரிந்திருக்கும். ஊழியரின் முறைப்பாட்டைக் கேட்பதும் ஒழுக்காற்று விசாரணையும் இரு வேறு வேலைகள் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

தனியார் கடைகளில் உள்ளக விசாரணை கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. நியாய சபை சாட்சியங்களைப் புதிதாகவே கேட்கும். ஆயினும் கையிலுள்ள சாட்சியம் எவ்வளவு பலமானது என்பதை, ஆளை அனுப்பிய பிறகு அங்கே தெரிந்துகொள்வதைவிட, அனுப்பும் முன் கடையிலேயே தெரிந்துகொள்வது மலிவு.