எண் காட்டும் ஊர்

நுழையும்முன்

அழைப்பு வந்ததும் திறன்பேசித் திரையில் எண்ணோடு ஒரு பெயரும் ஊரும் தோன்றுகின்றன. அதைக் கண்டவுடன் அழைப்பவர் யார், எங்கிருக்கிறார் என்பதை அறிந்துவிட்டதாக எண்ணுகிறோம். அந்த ஊர்ப்பெயர் எங்கிருந்து வருகிறது? அதை எவ்வளவு நம்பலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடம்.

ஒரே நாளில் இரண்டு அழைப்புகள்

பாளையங்கோட்டையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு ஒரு காலையில் இரண்டு அழைப்புகள் வந்ததாகக் கொள்வோம். முதல் அழைப்பின்போது திரையில் ‘டெல்லி’ எனத் தோன்றியது. பேசியவர் தம்மை டெல்லிக் காவல்துறை அதிகாரி என்று கூறிக்கொண்டார். அவருடைய வங்கிக்கணக்கு ஒரு குற்றவழக்கில் சிக்கியிருப்பதாகவும், உடனே பணத்தை வேறொரு கணக்கிற்கு மாற்றாவிட்டால் கைது செய்ய நேரும் என்றும் மிரட்டினார். பேசியவர் சொன்ன ஊரும் திரை காட்டிய ஊரும் ஒன்றாக இருந்ததால் ஆசிரியை அஞ்சினார்.

அச்சத்தில் இருந்தபோதே இரண்டாம் அழைப்பு வந்தது. அழைத்தவர் அவருடைய மகன். அவர் பணிபுரிவது டெல்லியில்; பேசியதும் அங்கிருந்துதான். ஆனால் திரையில் தெரிந்த ஊரோ ‘தமிழ்நாடு’. உண்மையிலேயே டெல்லியில் இருப்பவரைத் தமிழ்நாட்டில் இருப்பதாகக் காட்டும் திரை, முன்னவரை டெல்லியில் இருப்பதாகக் காட்டியதை எவ்வாறு நம்புவது? அந்த ஐயம் அவருடைய சேமிப்பைக் காத்தது.

எண்ணுக்கு ஊர் வந்த வரலாறு

தரைவழித் தொலைபேசியின் எண் ஊரோடு பிணைந்தது. 044 சென்னையையும் 0452 மதுரையையும் குறிக்கும். கம்பி ஒரு வீட்டில் முடிவதால், எண்ணைக் கொண்டு ஊரை உறுதியாகச் சொல்ல முடிந்தது. அந்தப் பழக்கமே கைப்பேசி எண்ணிலும் ஊரைத் தேட வைக்கிறது.

கைப்பேசிச் சேவைக்காக இந்தியா 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. பத்து இலக்க எண்ணின் தொடக்க இலக்கங்கள், அந்த எண்தொடர் எந்த வட்டத்தில் எந்த நிறுவனத்துக்கு முதன்முதலில் ஒதுக்கப்பட்டது என்பதைக் காட்டும். எண் தேடும் செயலிகள் இந்த ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பார்த்தே பெரும்பாலும் ஊரைச் சொல்கின்றன. அவை அழைப்பவரின் கருவியைத் தொடர்புகொண்டு இடத்தைக் கேட்டறிவதில்லை. எனவே திரையில் காண்பது எண் ‘பிறந்த’ இடமேயன்றிப் பேசுபவர் ‘இருக்கும்’ இடம் அன்று.

அப்பிறப்பிடமும் துல்லியமானதன்று. வட்டங்களின் எல்லையும் மாநிலங்களின் எல்லையும் ஒன்றல்ல. புதுச்சேரி தமிழ்நாட்டு வட்டத்தில் அடங்கும். கோவா மகாராட்டிர வட்டத்தில் அடங்கும். சத்தீசுகரில் வாங்கிய எண் ‘மத்தியப் பிரதேசம்’ என்றே அறியப்படும்.

> தெரியுமா?
> இந்தியாவின் நாட்டுக்குறியீடு +91. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக்குறியீடு உண்டு என்று கருதலாகாது. +1 என்பது அமெரிக்கா, கனடா ஆகியவற்றுக்கும் ஜமைக்கா உள்ளிட்ட பல கரீபிய நாடுகளுக்கும் பொதுவானது. +7 உருசியாவுக்கும் கசகசுத்தானுக்கும் பொதுவானது.

எண் நிற்கிறது, மனிதர் நகர்கிறார்

ஆசிரியையின் மகனுடைய எண்ணைப் பின்தொடர்ந்தால் பிழையின் காரணம் விளங்கும். அவர் 2009இல் திருநெல்வேலியில் ஒரு நிறுவனத்தின் சிம் அட்டையை வாங்கினார். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 சனவரியில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அவர் வேறொரு நிறுவனத்துக்கு மாறினார். வட்டம் விட்டு வட்டம் செல்வோரும் அதே எண்ணை வைத்துக்கொள்ளும் வசதி 2015 சூலையில் வந்தது. டெல்லியில் குடியேறிய அவர் தம் இணைப்பை டெல்லி வட்டத்துக்கு மாற்றிக்கொண்டார்.

இப்போது அவருடைய நிறுவனம் வேறு; வட்டம் வேறு; வாழும் ஊரும் வேறு. பத்து இலக்கங்கள் மட்டும் மாறவில்லை. பழைய பட்டியலை நம்பும் செயலி 2009ஆம் ஆண்டின் செய்தியையே இன்றும் சொல்கிறது.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தொடக்க இலக்கங்களை நம்புவதில்லை என்பது இங்கு எண்ணத்தக்கது. ஓர் அழைப்பு புறப்பட்டதும், அவ்வெண் இப்போது எந்நிறுவனத்திடம் உள்ளது என்பதைப் பெயர்வுத் தரவுத்தளத்தில் பார்த்த பின்னரே அதை அனுப்புகின்றன. கருவி எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்பதும் வலையமைப்புக்குத் தெரியும். ஆயினும் அச்செய்தி பொதுமக்களுக்கான செயலிகளுக்குத் தரப்படுவதில்லை; சட்டப்படி அதிகாரம் பெற்ற அமைப்புகளே அதைக் கேட்டுப் பெறலாம்.

பெயரும் பிறர் எழுதியதே

செயலி காட்டும் பெயர் பலவேளைகளில் பிறருடைய தொடர்புப் பட்டியல்களிலிருந்து திரட்டப்படுவது. அல்லது அந்த எண்ணுக்குரியவர் தாமே பதிவு செய்வது. ஒருவர் தம் பெயருக்கு முன் ‘ஆய்வாளர்’ என்று எழுதிக்கொண்டால், அதுவே பிறர் திரையில் தோன்றக்கூடும்.

துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாள்கள் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படலாம். அதன்பின்னும் செயலியில் பழைய உரிமையாளரின் பெயர் நீடிக்கலாம். அதனால் புதியவரின் செயலுக்குப் பழையவர் மீது ஐயம் எழுகிறது.

எண்ணே பொய்யாகும்போது

இதுவரை கண்டவற்றில் எண் உண்மையானது. ஊரும் பெயருமே பிழை. சில அழைப்புகளில் எண்ணே பொய்யாக இருக்கும். அழைப்பு பயணிக்கும்போது, அழைப்பவரின் எண்ணும் ஒரு குறிப்பாக உடன் செல்கிறது. இணையவழி அழைப்பில் அக்குறிப்பை அழைப்பவரின் மென்பொருளே நிரப்ப முடியும். இடையிலுள்ள வலையமைப்புகள் சரிபார்க்காமல் கடத்தினால், பெறுபவரின் திரையில் அதுவே தோன்றும். உறையின் பின்புறம் அனுப்புநர் முகவரியை எவரும் தம் விருப்பப்படி எழுதலாம் என்பதைப் போன்றது இது.

வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு ‘+91’ எண்ணோடு தோன்றுவது இவ்வாறே. அத்தகைய அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பை இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் தொடங்கியது. ஆனால் இந்தியாவில் வாங்கிய உண்மையான சிம் அட்டையைக் கொண்டு ஏமாற்றுபவரை அவ்வமைப்பு தடுக்காது.

ஆசிரியை செய்தது

மகனுடன் பேசிய பின், அவர் திரையில் இருந்த எண்ணை மீண்டும் அழைக்கவில்லை. எண் போலியானால், அதற்கு உண்மையில் உரிய, இதில் தொடர்பற்ற ஒருவரே எடுப்பார். ஏமாற்றுபவருடைய எண்ணானால் அவரே எடுப்பார். இரண்டிலும் உண்மை வெளிப்படுவது அரிது. ஆகவே வங்கி ஏட்டில் அச்சிடப்பட்ட எண்ணைத் தாமே அழைத்து விசாரித்தார். கணக்கில் எந்தச் சிக்கலும் இல்லை எனத் தெரிந்தது. பின்னர் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைத்து, நடந்ததைப் பதிவு செய்தார்.

புகாரில் ‘டெல்லியிலிருந்து ஒருவர் அழைத்தார்’ என்று அவர் கூறவில்லை. ‘டெல்லி எனத் திரையில் தோன்றிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது’ என்றே கூறினார். அவர் அறிந்தது அவ்வளவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தினரின் கைப்பேசி எண்கள் எந்த ஆண்டில், எந்த ஊரில் வாங்கப்பட்டவை என்பதைக் கேட்டறிந்து, அவர்கள் இன்று வாழும் ஊருடன் ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.
2. தரைவழி எண்ணுக்கும் கைப்பேசி எண்ணுக்கும் ஊரோடு உள்ள தொடர்பு எவ்வாறு வேறுபடுகிறது? விளக்குக.
3. ஆசிரியை தம் புகாரில் பயன்படுத்திய தொடரின் பொருத்தத்தை ஆராய்ந்து ஒரு பத்தி எழுதுக.