ஆடிக்கு வைத்திருக்கும் ஸ்வெட்டர்

கேள்வி: கணியம்பாடியில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். அமிர்தி பக்கமிருந்தும் ஜவ்வாது மலை ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவதால் பனிக்காலத்துக்கு 120 லூதியானா ஸ்வெட்டர் எடுத்தேன். அடக்க விலை 400, விற்பனை விலை 650. கார்த்திகை பிறந்து நாலு வாரத்தில் 36தான் போயிருக்கிறது. மிச்சத்தை வைத்திருந்து ஆடித் தள்ளுபடியில் பாதி விலைக்குத் தள்ளிவிடலாமா? இப்போதே குறைத்தால் மாசியில் இறக்கும் காட்டன் சரக்கையும் தள்ளுபடி விலைக்கே கேட்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஆடி வரை வைத்திருக்க வேண்டாம். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி முகூர்த்தத்துக்கும் தீபாவளிக்கும் புதுச்சரக்கு இறங்குமுன் பழைய புடவையைத் தள்ள அந்த மாதம் தோதுப்படும். வேலூர் வெயிலைத் தாண்டி வந்தவர் ஜூலையில் ஸ்வெட்டரைக் கையில் எடுத்துப் பார்ப்பாரா? 200 ரூபாய் கிடைத்தாலே பெரிது. அந்த 200ஐ நினைவில் வையுங்கள், கணக்கு அதில்தான் இருக்கிறது.

உங்கள் வேகம் வாரத்துக்கு 9. பொங்கல் முடிய ஏறக்குறைய 5 வாரம் இருக்கிறது. இதே வேகத்தில் இன்னும் 45 போகும், 39 தேங்கும். இப்போது விலையை 550 ஆக்கினால் என்ன ஆகும்? வழக்கமாகக் கடைக்காரர்கள் அடக்க விலையை வைத்துப் பார்ப்பார்கள்: லாபம் 250லிருந்து 150க்கு இறங்குகிறது, ஆகவே வாரம் 15 விற்றால்தான் கட்டும் என்பார்கள். ஆனால் அந்த 400 ரூபாயைக் கொடுத்தாகிவிட்டது. சரக்கு எப்படியும் மிஞ்சப்போகிறது என்று தெரிந்த பிறகு, மிஞ்சினால் கிடைக்கும் 200ஐத்தான் கழிக்க வேண்டும். 650க்கு விற்றால் 450 அதிகம், 550க்கு விற்றால் 350 அதிகம். அப்படிப் பார்த்தால் வாரம் 12 போனாலே நஷ்டமில்லை. எடுத்த எடுப்பிலேயே 450க்கு இறக்கினால் 17 போக வேண்டும். அதனால்தான் சீக்கிரம் குறையுங்கள், கொஞ்சமாகக் குறையுங்கள் என்கிறேன்.

மிச்சம் 84ஐ இப்படி நகர்த்தலாம். முதல் 3 வாரம் 550. வாரம் 15 வீதம் 45 போனால் 24,750 ரூபாய். அடுத்த 2 வாரம் 450. அதில் 27 போனால் 12,150. கடைசி 12ஐப் பொங்கலுக்குப் பிறகு 300க்குக் கொடுங்கள், 3,600. மொத்தம் 40,500. விலையைத் தொடாமல் 45ஐ 650க்கும், ஆடியில் 39ஐ 200க்கும் விற்றால் 37,050. வித்தியாசம் 3,450தான். பெரிய தொகையில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடங்கிய பணம் ஆடிக்குப் பதில் தையிலேயே கைக்கு வந்து காட்டன் கொள்முதலுக்கு நிற்கிறது. கடனுக்குச் சரக்கெடுப்பவருக்கு அந்த ஆறு மாதத்தின் அருமை தெரியும். இந்த எண்ணிக்கைகள் என் அனுமானம். உங்கள் பில் புத்தகம்தான் கடைசி வார்த்தை.

முதல் வாரம் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். 12க்குக் கீழே போனால் கோளாறு விலையில் இருக்காது, அலமாரியில் இருக்கும். நடு சைஸ் எல்லாம் போய், ரொம்பச் சின்னதும் ரொம்பப் பெரியதும் மட்டும் நிற்கும். அப்போது அந்த உடைந்த சைஸ்களை மட்டும் 450க்குக் கொண்டுபோங்கள், முழு செட் இருக்கும் ரகத்தை 550லேயே விடுங்கள். 20க்கு மேல் போனால் இரண்டாவது குறைப்பை ஒரு வாரம் தள்ளிப்போடலாம். மலையில் தை முழுக்கக் குளிர் நிற்கும், அந்த ஆட்களுக்காகக் கடைசி 300 ரூபாய் விலையையும் அவசரப்பட்டு வைக்க வேண்டாம். பள்ளிச் சீருடைக்கான மெரூன், நேவி ப்ளூ ஸ்வெட்டர் இருந்தால் அதில் கையே வைக்காதீர்கள். பள்ளி நிறத்தை மாற்றாதவரை அடுத்த கார்த்திகையிலும் முழு விலைக்குப் போகும். மடித்துப் பையில் கட்டி மேலே ஏற்றுங்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஆட்களைக் காத்திருக்கப் பழக்குவது பெரும்பாலும் பலகைதான், விலை அல்ல. கடை வாசலில் 'அனைத்துக்கும் 30% தள்ளுபடி' என்று கட்டினால் உள்ளே இருக்கும் புதுச்சரக்கின் விலையிலும் சந்தேகம் வரும். ஸ்வெட்டர் ரேக்கில் மட்டும் அட்டை தொங்கட்டும், சதவீதம் வேண்டாம், பழைய விலையை அடித்துப் புது விலையை எழுதினால் போதும். முதலில் 800 என்று ஏற்றி எழுதிவிட்டு 550க்கு இறக்கும் வித்தை வேண்டாம். பக்கத்துத் தெருக்காரர் நவம்பரில் 650க்கு வாங்கியிருப்பார். காட்டன் கட்டைப் பிரிக்கும் அன்று ரேக்கில் ஒரு ஸ்வெட்டர்கூட இருக்கக்கூடாது. காட்டனுக்கு முதல் ஆறு வாரமாவது எந்தக் குறைப்பும் வேண்டாம்.

அடுத்த ஐப்பசியில் 120ஐ ஒரே தடவையாக எடுக்காதீர்கள். 70 எடுத்து இறக்குங்கள். கார்த்திகை முதல் இரண்டு வாரத்தில் எந்த நிறம், எந்த சைஸ் போகிறது என்று பார்த்து, அதை மட்டும் மொத்த வியாபாரியிடம் இரண்டாம் தவணையாகக் கேளுங்கள். பீஸுக்கு 15, 20 ரூபாய் கூடக் கேட்பார். கொடுத்துவிடுங்கள்.