ஆள் மாறிப் போன மெசேஜா? மெயில் எழுதும் முன் இதைப் பார்

"அக்கா, சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மெயில் போட்டு நாலு நாளாச்சு, பதிலே இல்லை" என்கிறாய். நீ எழுதியதைப் பார்த்தேன்: "மெசேஜ் எல்லாம் தப்பாகப் போகிறது, உடனே சரிசெய்யவும்." இதை வைத்து அந்தக் கம்பெனிப் பையன் எங்கே போய்த் தேடுவான்?

1. முதலில் ஆட்டோ ரிமைண்டரை ஆஃப் பண்ணு. நீ மெயில் தட்டும் நேரத்தில் இன்னொரு கட்டு மெசேஜ் கிளம்பிவிடும். நாளைக்கு கிளினிக்குக்கு வர வேண்டிய நோயாளிகளை போனில் கூப்பிட்டுச் சொல்.

2. எப்படி மாறியது என்று பார். இதற்குச் சோம்பல்படாதே, பாதி வேலை இதுதான். புகார் சொன்ன நாலு பேரின் ஓ.பி. நம்பரை வரிசையாக எழுது. பாறசாலைப் பக்கம் நான் வேலை பார்த்த கிளினிக்கில் 1041-க்கான மெசேஜ் 1042-க்குப் போனது, 1042-க்கானது 1043-க்கு. பட்டியலில் பெயர் ஒரு வரி, போன் நம்பர் அடுத்த வரி என்று நழுவியிருந்தது. எக்செல்லில் பெயர்களை மட்டும் அகர வரிசைப்படுத்தினாலும் ஜோடி பிரியும், ஆனால் அப்போது மாற்றம் தாறுமாறாக இருக்கும்.

ஒரே வீட்டுக்குள் மாறினால் கதை வேறு. நம் எல்லைப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர்தானே கொடுக்கிறார்கள்? மருமகளின் கைனக் ரிமைண்டர் மாமனார் போனில் போய் விழும். அதோடு, களியக்காவிளையிலிருந்து வருகிறவருக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், நெய்யாற்றின்கரைக்காரருக்குப் பின்னால். இப்படி ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதி, ஒரே ஆளுக்கு இரண்டு ஓ.பி. சீட்டு போட்டிருப்பாய், ஒன்றில் பழைய நம்பர் கிடக்கும். அவர் விட்ட சிம் இப்போது வேறு யார் கையிலோ! அதற்குக் கம்பெனிக்காரனைத் திட்டாதே, தப்பு நம் கவுண்டரில்.

3. மெயில் இவ்வளவு போதும்:

"பொருள்: அவசரம் – ரிமைண்டர் ஆள் மாறிப் போகிறது, அனுப்புவதை நிறுத்தியுள்ளோம்.
செவ்வாய் மாலை 6 மணிக்குப் போனவற்றில் ஓ.பி. 1041-க்கான மெசேஜ் 1042-இன் நம்பருக்குப் போனது (கடைசி நாலு இலக்கம் கீழே). திங்கள் வரை சரியாக இருந்தது. திங்கள் இரவு அப்டேட் ஏதும் போட்டீர்களா? செவ்வாய் போன எல்லா மெசேஜுக்கும் டெலிவரி ரிப்போர்ட் வேண்டும்."

கடைசியாகச் சரியாக இருந்த நாளை மறக்காமல் எழுது. அதைப் பிடித்துத்தான் அவர்கள் தேடுவார்கள்.

4. நோயாளி பட்டியலை அப்படியே இணைக்காதே, ஸ்கிரீன்ஷாட்டில் பெயரை மறை. தவறிப் போன தகவலை நீயே இன்னும் பத்துப் பேருக்குப் பரப்புவானேன்? தனிப்பட்ட டிஜிட்டல் தரவுக்கான 2023 சட்டப்படி பதில் சொல்ல வேண்டியது கம்பெனி அல்ல, உன் கிளினிக்.

5. "சரியாகிவிட்டது மேடம்" என்றதும் ஆன் பண்ணிவிடாதே. நம் ஸ்டாஃப் ஐந்து பேரை நோயாளியாகப் பதிந்து, அதில் இரண்டு பேருக்கு ஒரே நம்பர் கொடுத்து, ஒரு மாலை ஓடவிட்டுப் பார். அந்த ஐந்தும் ஒழுங்காக வந்த பிறகு மற்றவர்களுக்குத் திற.