காற்றடித்தால் அறுந்துபோகும் இணையம்

கேள்வி: ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டுக்கு கேபிள் வழியாகத்தான் இணையம் வருகிறது. பேஸ்மென்டை வாடகைக்கு விட்டபோது அங்கும் டிவி வேண்டும் என்று லைனைப் பிரித்தோம். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இருவழி ஸ்பிளிட்டர்; அதன் ஒரு முனையில் நான்குவழி ஸ்பிளிட்டர்; மோடமும் டிவிகளும் நான்குவழியில். அன்றிலிருந்து வேகம் குறைவு. காற்றடித்தால் வீடியோ அழைப்பு அறுந்து அறுந்து போகிறது. மோடத்தையும் மாற்றித் தந்தார்கள், பலனில்லை. மோடத்தின் பக்கத்தில் Downstream Power -9, Upstream Power 51, SNR 34 என்று இருக்கிறது. காற்று நாளில் SNR மட்டும் 29 வரை இறங்குகிறது. எதை மாற்றுவது?

பதில்: உங்கள் வீட்டில் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று எப்போதும் ஒரே அளவில் இருக்கிறது, மற்றது வந்து வந்து போகிறது.

மாறாததை முதலில் பார்ப்போம். இருவழி ஸ்பிளிட்டர் ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 3.5 டெசிபெல்லை எடுத்துக்கொள்ளும், நான்குவழி 7. இரண்டையும் கடந்துதான் உங்கள் மோடத்துக்குச் சிக்னல் வருகிறது, ஆக 10.5 இழப்பு. இதை -9 உடன் கூட்டினால், வீட்டு வாசலில் சிக்னல் +1.5 அளவில் வந்து சேருகிறது என்று தெரியும். அது நல்ல அளவு. -7 முதல் +7 வரை கவலையில்லை. திரும்பிப் போகும் பாதையிலும் இதே இழப்புதான். 40.5 அளவில் பேசினால் போதுமான மோடம், உங்கள் வீட்டில் 51 அளவுக்குக் குரலை உயர்த்துகிறது. பல மோடங்களுக்கு அதுவே ஏறக்குறைய எல்லை. அதற்கு மேல் ஏற இடமில்லாததால், சிறு இடைஞ்சல் வந்தாலும் முதலில் அடிபடுவது பதிவேற்ற வேகம்தான்.

இதற்கு வழி எளிது. நான்குவழியிலிருந்து மோடத்தைக் கழற்றி, இருவழி ஸ்பிளிட்டரின் மற்ற முனையில் நேரடியாக மாட்டுங்கள். எண்கள் -2, 44 என்ற அளவுக்கு வரும். டிவிகளுக்கு எந்த மாற்றமும் இல்லை. ஸ்பிளிட்டரில் 5-1002 MHz என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 950 MHz இல் தொடங்குவது சாட்டிலைட்டுக்கானது, அதைத் தூக்கிப் போடுங்கள். பயன்படாத முனைகளை 75 ஓம் மூடியால் அடையுங்கள். கடைக்காரர் ஆம்ப்ளிஃபையர் தருவார், தயவுசெய்து வாங்காதீர்கள். சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே அது பெருக்கும்.

ஆனால் ஸ்பிளிட்டர் காற்றுக்கு அசைவதில்லை. SNR ஐந்து டெசிபெல் சரிகிறது என்றால் எங்கோ ஒரு கன்னெக்டர் தளர்ந்திருக்கிறது, அல்லது கேபிளின் வெளிப்பின்னல் அறுந்திருக்கிறது. அந்தப் பின்னல்தான் வானொலி, கைப்பேசி அலைகளை உள்ளே விடாமல் தடுப்பது. இடைவெளி விழுந்தால் அவை கேபிளுக்குள் புகுந்துவிடும். உங்கள் தெருவின் எல்லா வீடுகளின் பதிவேற்றமும் ஒரே இடத்தில் போய்ச் சேருவதால், உங்கள் வீட்டில் புகும் இரைச்சல் அயல்வீட்டாரின் இணையத்தையும் கெடுக்கும். அதனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒவ்வொரு கன்னெக்டரையும் கழற்றிப் பாருங்கள். நடுச் செம்புக் கம்பி விளிம்பைத் தாண்டி 3 மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பின்னலின் ஒரு இழைகூட அதைத் தொடக் கூடாது. பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பின்னல் பளபளப்பாகத் தெரியும் இடம்வரை வெட்டி, அழுத்திப் பொருத்தும் கன்னெக்டரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். முறுக்கிச் செருகும் வகை வேண்டாம். மீட்டர் கணக்கில் உள்ளே கறுத்திருந்தால் அந்த ஓட்டம் முழுவதையும் மாற்றுவதே நல்லது. கையால் இறுக்கியபின் 11 மில்லிமீட்டர் ஸ்பானரால் மெல்ல ஒரு சிறு திருப்பு போதும். சுவரோரம் ஆணி அழுத்தி நசுங்கிய இடங்களையும் விட்டுவிடாதீர்கள். அங்கே சிக்னல் திரும்பி எதிரொலிக்கும்.

இனி வீட்டுக்குள்ளா வெளியிலா என்பதைப் பிரித்தறிய வேண்டும். காற்றடிக்கும் ஒரு நாளில் ஸ்பிளிட்டர்களை விலக்கி, கேபிள் நுழையும் இடத்திலேயே மோடத்தை மாட்டுங்கள். மறுதொடக்கம் செய்தால் பிழைக் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ஒரு மணி நேரம் கழித்து Uncorrectables என்ற வரிசையைப் பாருங்கள். எண் அசையாமல் நின்றால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. அப்போதும் ஏறிக்கொண்டே போனால், பெரும்பாலும் தெருக் கம்பத்திலிருந்து உங்கள் சுவருக்கு வரும் கேபிள்தான் காரணம். அதை அணில் கடித்திருக்கலாம், கிளை உரசியிருக்கலாம். அதில் நீங்கள் கைவைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். காற்று இல்லாத நாளிலும் காற்று நாளிலும் மோடம் எண்களைக் காட்டும் பக்கத்தைப் படமெடுத்து, இரண்டையும் நிறுவனத்துக்கு அனுப்பி, இந்த வெளிக் கேபிளை மாற்றித் தரும்படி கேளுங்கள். மோடத்தை மறுபடி மாற்றுகிறோம் என்று சொன்னால், ஸ்பிளிட்டர்கள் இல்லாமல் எடுத்த படம் இது என்பதை எடுத்துக் காட்டுங்கள்.